வீட்டுத் தண்ணீரை அளக்கும் நான்கு வாரச் செயல்திட்டம்

கேள்வி: “ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் நான்தான் எடுக்கிறேன். 32 பிள்ளைகள். வீட்டில் தண்ணீர் எப்படிச் செலவாகிறது என்பதை வைத்து ஒரு மாதத்துக்கு ஒரு செயல்திட்டம் நடத்தி, கடைசியில் பெற்றோர் முன்னால் பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும். போன முறை செய்தபோது எல்லாரும் இணையத்தில் எடுத்ததைச் சார்ட்டில் எழுதி வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். எப்படி அமைத்தால் உருப்படியாக இருக்கும்?”

சார்ட்டை வாசித்தது பிள்ளைகளின் குற்றம் இல்லை. ‘தண்ணீரை எப்படிச் சேமிக்கலாம்?’ என்று கேட்டால் அதற்கான விடை ஏற்கெனவே ஊரெல்லாம் எழுதிக் கிடக்கிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதும். வேறெங்கும் விடை கிடைக்காத ஒரு கேள்வியைக் கொடுங்கள்: ‘எங்கள் வீட்டில் ஒரு நாள் தண்ணீர் எங்கே போகிறது? அதில் ஒரே ஒரு வேலையை மாற்றினால் எத்தனை லிட்டர் குறையும்? அது குறைந்தது என்று எப்படி நிரூபிப்போம்?’ இதற்கு விடை அந்த வீட்டின் வாளியிலும் குழாயிலும்தான் இருக்கிறது. திட்டம் முழுவதையும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடுங்கள். தண்ணீரின் தரம், மழைநீர்த் தொட்டி, உலக நீர் நெருக்கடி எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஆனால் நான்கு வாரத்தில் இதோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

வாரத்துக்கு மூன்று பாடவேளை வீதம் 12 பாடவேளைகள் போதும். முதல் வாரம் ஊகமும் அளவுப் பயிற்சியும். இரண்டாம் வாரம் வீட்டில் ஏழு நாள் பதிவு. மூன்றாம் வாரம் கணக்கிட்டு, ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் மூன்று நாள் செய்து பார்ப்பது. நான்காம் வாரம் ஒத்திகையும் நிகழ்ச்சியும். நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். பதிவு மட்டும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் செய்வார்கள். பதிவு வாரத்தைப் பொங்கலை ஒட்டி வைக்காதீர்கள். வெள்ளையடிப்பு, வீடு கழுவல், விருந்தாளி என்று அந்த வாரக் கணக்கு எதற்கும் உதவாது.

முதல் பாடவேளையில் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு துண்டுத்தாளில், தம் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு வேலைகளுக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள்: குளியல், துணி துவைத்தல், கழிப்பறை, பாத்திரம் கழுவுதல், சமையலும் குடிநீரும், வீடு துடைத்து வாசல் தெளித்தல். பெரும்பாலும் குடிநீரைக் கூட்டி எழுதுவார்கள், கழிப்பறையைக் குறைத்து எழுதுவார்கள். அந்தத் தாள்களை ஓர் உறையில் போட்டு ஒட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் ‘நாங்கள் நினைத்தது இவ்வளவு, அளந்தது இவ்வளவு’ என்று காட்ட அதுதான் சரக்கு.

அடுத்த இரண்டு பாடவேளைகளும் அளவுப் பயிற்சி. இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எண் எதையும் நம்ப முடியாது. தேவைப்படுவது ஒரு லிட்டர் பாட்டில், ஒரு வாளி, ஒரு மக், இன்சுலேஷன் டேப், நொடி பார்க்க ஒரு கடிகாரம். பாட்டிலால் வாளியை நிரப்பி 5, 10, 15 லிட்டரில் வெளிப்பக்கம் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கடையில் 20 லிட்டர் என்று விற்கும் வாளி விளிம்பு வரை நிரப்பினால்தான் 20. சிந்தாமல் தூக்கும் அளவுக்கு நிரப்பினால் 16, 17 தான் வரும். ‘ஒரு வாளி’ என்பது வீட்டுக்கு வீடு மாறுவதால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வாளியையும் குடத்தையும் இதேபோல் ஒருமுறை அளந்துவிட்டு வர வேண்டும். அளந்த தண்ணீரிலேயே குளித்துவிடலாம், வீணாகாது.

குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் வேலைக்குப் பாட்டிலும் கடிகாரமும். ஒரு லிட்டர் நிரம்ப 10 நொடி ஆனால் நிமிடத்துக்கு 6 லிட்டர். இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. பிள்ளைகள் குழாயை முழுதாகத் திறந்து அளப்பார்கள். பாத்திரம் கழுவும்போது வீட்டில் யாரும் அப்படித் திறப்பதில்லை. அதனால் எண் இரண்டு மடங்காகிவிடும். கழுவுகிறவரே வழக்கம்போல் திறந்து வைக்க, அப்போது பாட்டிலைப் பிடிக்க வேண்டும். மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் வேகம் மாறும் என்பதால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்துச் சராசரி வைத்துக்கொள்ளலாம். ஷவருக்கு அடியில் ஒரு நிமிடம் வாளி வைத்தால் போதும். சலவை இயந்திரமென்றால் வெளியேற்றும் குழாயை ஒருமுறை வாளிக்குள் விட்டு எத்தனை வாளி என்று எண்ணலாம். ஃப்ளஷ் தொட்டிக்குப் பெரியவர் ஒருவர் உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, ஒருமுறை அழுத்தியபின் பழைய அளவுக்கோடு வரை பாட்டிலால் நிரப்பி எண்ண வேண்டும்.

பதிவுத்தாளில் லிட்டர் என்ற சொல்லே இருக்கக் கூடாது. வாளி, மக், குடம், நிமிடம், தடவை இவை மட்டும். அதுவும் கோடு போட்டு எண்ணும் முறையில். வீட்டில் நின்றுகொண்டு லிட்டர் எழுதச் சொன்னால் பிள்ளை ஊகிக்கத் தொடங்கிவிடும். எண்ணுவது வீட்டில், லிட்டராக மாற்றுவது வகுப்பில். தாளைச் சமையலறையில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு வெளியே ஒன்று என ஒட்டி, பக்கத்திலேயே பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பாதி வேலை பிள்ளை பள்ளியில் இருக்கும்போது நடக்கிறது. அந்தக் கோடுகளைப் போடப்போவது அம்மாவோ பாட்டியோதான். ஆகவே பதிவு தொடங்கும் முன்னால் வீட்டுக்கு ஒரு சிறு கடிதம் போக வேண்டும்: என்ன செய்கிறோம், எத்தனை நாள், கோடு போட்டால் போதும், வீட்டின் பெயர் எங்கும் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர் இருக்கும் வீட்டுக்கு வாளி, பாத்திரம் படம் வரைந்த தாள் கொடுங்கள்.

பதிவு வாரத்தில் தினமும் காலை ஐந்து நிமிடம் தாளைப் பார்த்தே ஆக வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக வாங்கினால் முந்தின இரவு உட்கார்ந்து நிரப்பிய தாள்கள்தான் வரும். அதைக் கண்டுபிடிப்பதும் எளிது: ஏழு நாளும் ஒரே எண், ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள்போலவே, எல்லாம் ஒரே மையில் ஒரே சாய்வில். திட்டாதீர்கள். விட்டுப்போன நாளைக் காலியாக விடலாம், அதற்கு மதிப்பெண் குறையாது, இட்டுக்கட்டிய எண்ணுக்குத்தான் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏழில் ஐந்து நாள் இருந்தால் கணக்கிடலாம். ஆனால் அந்த ஐந்தில் ஞாயிறும், துணி துவைத்த ஒரு நாளும் இருக்க வேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஐந்து பேர் உள்ள ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். இதை முதலில் கரும்பலகையில் செய்து காட்டலாம். வாளி 16 லிட்டர். குளியல் ஆளுக்கு இரண்டு வாளி, 160 லிட்டர். துணி வாரத்தில் நான்கு நாள், தடவைக்கு ஆறு வாளி. 384 லிட்டரை ஏழால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 55. கழிப்பறை எல்லாருக்குமாக 20 தடவை, தடவைக்கு 5 லிட்டர், ஆக 100. பாத்திரம் இரு வேளை, வேளைக்கு ஒன்பது நிமிடம் குழாய் திறந்திருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 108. சமையலும் குடிநீரும் 20. துடைக்க, தெளிக்க 25. கூட்டினால் 468 லிட்டர், தலைக்கு ஏறத்தாழ 94. துணியை ஏழால் வகுக்க மறப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. துவைத்த நாளின் 96 லிட்டரை அப்படியே சேர்த்துவிடுவார்கள்.

இந்தக் கூட்டுத்தொகை சரியா என்று வேறொரு வழியில் சோதிக்க வேண்டும். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். தண்ணீர் செலவாகும் பக்கம் எண்ணியாயிற்று. இப்போது வீட்டுக்குள் வரும் பக்கம். 1000 லிட்டர் மாடித் தொட்டி காலியிலிருந்து நிரம்ப மோட்டார் 50 நிமிடம் ஓடுகிறது என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். நாளுக்குச் சராசரியாக 30 நிமிடம் ஓடினால் 600 லிட்டர் உள்ளே வந்திருக்கிறது. எண்ணியது 468 தான். மீதி 132 லிட்டர் எங்கே? கை கால் கழுவியது, பல் துலக்கியது, வண்டி கழுவியது, தொட்டி வழிந்தது, ஒழுகும் குழாய், சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் என்று பிள்ளைகளே துப்பறியத் தொடங்குவார்கள். சொட்டும் குழாயடியில் ஒரு டம்ளரை அரை மணி நேரம் வைத்து, சேர்ந்ததை 48 ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். 100 மில்லி சேர்ந்திருந்தால் நாளுக்கு 4.8 லிட்டர். 132 லிட்டரில் இது சிறு பங்குதான் என்பதும் அப்போது தெரியும். குடத்தில் தூக்கும் வீட்டில் வந்த குடங்களை எண்ணினால் போதும். தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதையும் மோட்டார் சுவிட்சைத் தொடுவதையும் பிள்ளைகள் செய்யவே கூடாது. நேரத்தைக் குறிப்பது மட்டும் அவர்கள் வேலை.

வகுப்பு முழுவதன் எண்களைச் சேர்க்கும்போது கூட்டுச் சராசரியோடு நிறுத்தாதீர்கள். ஏழு வீடுகளில் தலைக்கு 38, 52, 61, 66, 74, 94, 210 லிட்டர் என்று வந்தால் சராசரி 85. ஏழில் ஐந்து வீடுகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. இடைநிலை அளவு 66. நடுத்தரமான வீட்டை அதுவே காட்டுகிறது. தோட்டமுள்ள ஒரே ஒரு வீடு சராசரியை எப்படி இழுத்துவிடுகிறது என்பதைப் பாடப்புத்தகக் கணக்கைவிட இது தெளிவாகக் காட்டும்.

அரசு அளவுகோல்களோடு ஒப்பிடப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருப்பது தலைக்கு நாளுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 135. இரண்டும் உறுதியான எண்கள். ஆனால் இவை இவ்வளவு தண்ணீராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வழங்கலைத் திட்டமிட வைத்தவை. ஒரு வீடு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற வரம்பு அல்ல. 94 லிட்டர் செலவழிக்கும் வீட்டைப் பார்த்து, ‘135க்குக் கீழே இருக்கிறோம், நல்லவர்கள்’ என்றோ, ‘55க்கு மேலே போய்விட்டோம், வீணடிக்கிறோம்’ என்றோ சொல்ல இந்த எண்களில் இடமில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வகுப்பில் தலைக்கு 38 லிட்டரில் காலம் தள்ளும் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் எதைக் குறைக்கலாம்’ என்று கேட்பது கொடுமை. தெருக்குழாயிலோ லாரியிலோ பிடிக்கும் வீடுகளுக்குக் கேள்வியை மாற்றிக் கொடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நடை, நடைக்கு எத்தனை நிமிடம், வரிசையில் எவ்வளவு நேரம், யார் போகிறார்கள்? ஆறு நடை, நடைக்கு 12 நிமிடம் என்றால் நாளுக்கு 72 நிமிடம், வாரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவும் அளவுதான், இதற்கும் வரைபடம் உண்டு. கழிப்பறைக் கணக்கை ஆள்வாரியாக எழுத வைக்காதீர்கள். வீட்டு மொத்தம் போதும். சுவரில் ஒட்டும் எந்தத் தாளிலும் பெயர் வேண்டாம், வீடு 1, வீடு 2 என்று எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்பது உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாம் வாரம் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து ஒரே ஒரு மாற்றத்தை முயல வேண்டும். மேலே சொன்ன வீட்டில் பாத்திரம் கழுவுவதை எடுத்தார்கள் என்று வைப்போம். குழாயை மூடிவிட்டுத் தேய்ப்பது, பிறகு அளவு குறித்த இரண்டு டப்புகளில் அலசுவது. மூன்று நாளில் ஆறு வேளைக்கும் செலவான லிட்டர் 24, 27, 22, 30, 26, 21. மொத்தம் 150, வேளைக்கு 25. முன்பு வேளைக்கு 54. ஆக நாளுக்கு 58 லிட்டர் குறைவு, 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட நான்கு குடம்.

ஒப்பிடும்போது வேளைக்கு எத்தனை லிட்டர் என்றுதான் ஒப்பிட வேண்டும், வீட்டின் மொத்தச் செலவை அல்ல. அந்த மூன்று நாளில் ஒரு விருந்தாளி வந்தாலோ போர்வை துவைத்தாலோ மொத்தம் ஏறிவிடும். மாற்றம் பலித்திருந்தும் தோற்றதுபோல் தெரியும். அதேபோல், கழுவிய பாத்திரங்களின் எண்ணிக்கையையும் இரண்டு கட்டத்திலும் குறிக்கச் சொல்லுங்கள். பாத்திரம் பாதியாகக் குறைந்ததால் தண்ணீர் குறைந்திருந்தால் அது மாற்றத்தின் பலன் ஆகாது. 58ஐ 365 ஆல் பெருக்கி ஆண்டுக்கு 21,170 லிட்டர் மிச்சம் என்று சார்ட்டில் எழுத வருவார்கள். மூன்று நாள் பார்த்ததை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. ‘இதே முறையில் தொடர்ந்தால் மாதத்துக்குச் சுமார் 1,700 லிட்டர் குறையலாம்’ என்பது வரை அனுமதிக்கலாம்.

நிகழ்ச்சிக்கு மேடையும் மைக்கும் வேண்டாம். மேடை போட்டால் நன்றாகப் பேசும் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிடும், மற்ற மூவரும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டு மேசைகளை அறையைச் சுற்றிப் போடுங்கள். பெற்றோர் ஐந்தாறு பேராகப் பிரிந்து ஒரு மேசைக்கு எட்டு நிமிடம் நிற்கட்டும்: நான்கு நிமிடம் பிள்ளை பேசுவது, நான்கு நிமிடம் கேள்வி. மணி அடித்ததும் அடுத்த மேசை. நான்கு சுற்று, சுற்றுக்கு ஒரு பிள்ளை தலைமை. மேசை மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பாடவேளை போதும். முதல் சுற்றில் பேசும் பிள்ளைக்கு நடுக்கம் அதிகம் இருக்கும் என்பதால் ஓரளவு துணிந்த பிள்ளையை முதலில் விடுங்கள். கூச்சப்படும் பிள்ளை மூன்றாவது சுற்றுக்குள் அதே பேச்சை இருமுறை கேட்டிருக்கும்.

மேசையில் நான்கே பொருள்கள் இருக்கட்டும்: ஊகித்ததையும் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு பட்டை வரைபடம், வீட்டு எண் மட்டும் போட்ட மூலப் பதிவுத்தாள்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு, அளக்கப் பயன்படுத்திய வாளியோ பாட்டிலோ. தெர்மோகோல் மாதிரிகளும் ஒட்டிய படங்களும் வேண்டாம். பேச்சுக்கு ஒரே ஒரு விதி: சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தாங்கள் அளந்த ஓர் எண்ணோ, தாங்கள் கண்ட ஒரு செயலோ இருக்க வேண்டும். ஒத்திகையில் இந்த விதியை வைத்து மற்றக் குழுக்களே அடித்துத் திருத்தட்டும். ‘தண்ணீர் உயிர்நாடி’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பெற்றோருக்குச் சும்மா பார்க்க வந்ததுபோல் இருந்தால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாசலிலேயே கேள்விச் சீட்டு கொடுங்கள்: ‘இதை எப்படி அளந்தீர்கள்?’, ‘எந்த எண் உங்களுக்கே சந்தேகம்?’, ‘உங்கள் முறையில் வேலை செய்பவருக்குக் கூடுதல் சிரமம் உண்டா?’ மூன்றாவது கேள்வி தவறாமல் இருக்க வேண்டும். டப்பில் அலசும் முறையில் தண்ணீர் குறைந்தாலும், குனிந்து டப்பைத் தூக்கிக் கொட்டுவது அம்மாவின் இடுப்புக்குத்தான் சுமை என்றால் அந்த மாற்றம் அடுத்த வாரமே நின்றுவிடும். அதைப் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டறிந்து வந்து சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணை 20 என்று வைத்தால், பதிவின் நேர்மைக்கும் முழுமைக்கும் 6, கணக்குக்கு 5, மாற்றத்தை நிரூபித்த விதத்துக்கு 5, கேள்விக்குப் பதில் சொன்னதற்கு 4 என்று பிரிக்கலாம். கடைசி நான்கும் தனித்தனிப் பிள்ளைக்கு. சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதை முதல் வாரமே அறிவித்துவிட்டால் வண்ணப் பேனாவுக்குச் செலவாகும் நேரம் கணக்குக்குத் திரும்பும். மிச்சமான லிட்டருக்கும் மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த நாளே எண்கள் அழகாகக் குறையத் தொடங்கிவிடும். குளியலை ஒன்றரை வாளியாக்க முயன்று மூன்றாம் நாளே எல்லாரும் இரண்டு வாளிக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஒரு குழு வந்தால், அதை அப்படியே வரைபடத்தில் காட்டி, யார் எந்த நாள் ஏன் திரும்பினார்கள் என்று விளக்கினால் அந்த 5 மதிப்பெண்ணும் முழுதாக அவர்களுக்கு உரியது.